மாத்திரையைக் கூட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 38, எடை 62 கிலோ. அரசுப் பள்ளி ஆசிரியை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அசதி, மலச்சிக்கல் என்று போனபோது டி.எஸ்.எச். 18.4, ஃப்ரீ டி4 0.6 என்று வந்தது. ஆன்டி டிபிஓ பாசிட்டிவ் என்றார்கள். லெவோதைராக்ஸின் மாத்திரை 75 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 100 ஆனதும் டி.எஸ்.எச். 3.1-க்கு இறங்கியது. ஓராண்டு நிம்மதியாக இருந்தேன். ஏழு மாதங்களுக்கு முன் மாதவிடாய்ப் போக்கு அதிகமாகி, ஹீமோகுளோபின் 9.2-க்கு வந்ததால் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுத்தார்கள். அதன்பின் தைராய்டு 7.9 ஆனது, மாத்திரையை 125 ஆக்கினார்கள். போன மாதம் 11.8! ஃப்ரீ டி4 மட்டும் 1.4, நார்மல் என்கிறார்கள். இப்போது 150 போடச் சொல்கிறார் டாக்டர். தைராய்டு ஏற ஏற மாத்திரையும் ஏறினால் இது எங்கே போய் முடியும்?

காலை 5 மணிக்கு மாத்திரை, பத்து நிமிடத்தில் காபி. 7 மணிக்கு டிபனோடு இரும்பும் கால்சியமும். ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது பத்து நாள் மாத்திரை போடவில்லை. திரும்பி வந்து இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, அன்று காலையும் போட்டுக்கொண்டுதான் ரத்தம் கொடுத்தேன். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. கொத்தமல்லி விதைத் தண்ணீர் குடித்தால் மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என் தங்கைக்கு 29 வயது, குழந்தைக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு டி.எஸ்.எச். 6.2 என்று வந்திருக்கிறது. என் மாத்திரையில் பாதியை அவளுக்குக் கொடுக்கலாமா?

— ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, ஒளிக்காமல் எழுதிய அந்தப் பகுதிதான். அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டதால், கையில் இருந்த ஒரே எண்ணை வைத்து அவர் 150 என்று எழுதியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஒருவேளை அதையே எழுதியிருப்பேன். உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், அளவு பற்றி நான் கீழே சொல்பவற்றை அவரிடம் கொண்டுபோய்ப் பேசி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே செயல்படுத்துங்கள்.

ஏறியிருப்பது தைராய்டு அன்று

“தைராய்டு 11 இருக்கிறது” என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியில் உண்டாவதே இல்லை. மூளையின் அடியில், ஒரு பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் உள்ள தைராய்டைப் பார்த்து “வேலை செய்” என்று அனுப்பும் உத்தரவு அது. தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களில் முதன்மையானது டி4. அதில் ரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் பகுதியைத்தான் ஃப்ரீ டி4 என்று அளக்கிறார்கள். டி4 போதாதபோது பிட்யூட்டரி தன் குரலை உயர்த்துகிறது. ஆகவே டி.எஸ்.எச். கூடினால், பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கிறது என்றே பொருள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கு டி.எஸ்.எச். 18.4 ஆகவும், டி4 இயல்பான அளவுக்குக் கீழேயும் இருந்தது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி டிபிஓ பரிசோதனை பாசிட்டிவ் என்றது காரணத்தையும் காட்டிவிட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தத் தைராய்டையே தாக்கும் நோய் இது. 1912-இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். பிட்யூட்டரி மிகவும் நுட்பமானது. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இருமடங்காவதில்லை; ஏறத்தாழ நூறு மடங்கு வரைகூட ஏறக்கூடும். அதனால் 7.9-இலிருந்து 11.8 ஆனது உங்கள் நோய் ஒன்றரை மடங்கு முற்றிவிட்டதற்கு அடையாளம் அன்று. டி4-இல் ஏற்பட்ட ஒரு சிறிய அசைவே இந்த வேறுபாட்டுக்குப் போதும். நீங்கள் பயந்த அளவுக்கு இந்த ஏற்றம் பெரியதில்லை.

மூன்று எண்களை வரிசையாகப் படித்தால்

3.1, 7.9, 11.8 ஆகிய மூன்றும் ஒரே படிக்கட்டின் படிகளைப் போலத் தோன்றுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வேறு கதை சொல்கிறது.

முதலில் 3.1. அப்போதும் நீங்கள் மாத்திரைக்குப் பத்து நிமிடத்தில் காபி குடித்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாரும் காபி நேரத்தை மாத்திரைக்காக மாற்றி நான் எளிதில் பார்த்ததில்லை. காபி இந்த மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கிறது என்பது உண்மை. என்றாலும், அது தினமும் ஒரே விதமாகக் குறைத்ததால், அந்த இழப்பையும் சேர்த்தே 100 என்ற அளவு உங்களுக்குப் பொருந்திப்போனது. ஆகவே புதிதாக வந்த சிக்கலுக்குக் காபி முதல் காரணமாக இருக்க முடியாது.

அடுத்து 7.9. அதற்கும் 3.1-க்கும் இடையில் உங்கள் வாழ்க்கையில் மாறியது ஒன்றுதான்: இரும்பும் கால்சியமும் வந்தன. லெவோதைராக்ஸின் குடலில் இரும்பைச் சந்தித்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து, கரையாத ஒரு பொருளாகி, உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும். கால்சியமும் அதே போல மாத்திரையைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். இந்த மாத்திரை சிறுகுடலில் உறிஞ்சப்படச் சில மணி நேரம் ஆகிறது என்பதால், குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது 2 மணி நேரம். நீங்கள் விழுங்கியது 100. உடலுக்குப் போய்ச் சேர்ந்தது அதைவிடக் குறைவு. உங்கள் தைராய்டு மேலும் கெட்டுப்போனதாலும் 7.9 வந்திருக்கலாம், ஹஷிமோட்டோவில் அதுவும் நடக்கும். ஆனால் காலம் பொருந்தி வருவதைப் பார்த்தால் என் சந்தேகம் டிபன் தட்டின் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு மாத்திரைகள் மீதுதான்.

கடைசியாக 11.8. உண்மையைச் சொன்னால், இந்தப் பரிசோதனையை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். ரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆகின்றன. பத்து நாள் விடுபட்டதில், மாத்திரையால் வந்த டி4 மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு இறங்கியிருக்கும். பிட்யூட்டரி உரக்கக் கூப்பிட ஆரம்பித்திருக்கும். ஊரிலிருந்து திரும்பி இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டதும் டி4 விரைவாக மேலே வந்துவிட்டது. ஆனால் பிட்யூட்டரி உடனே குரலைத் தாழ்த்துவதில்லை. அது அமைதியாகப் பல வாரங்கள் பிடிக்கும். போதாததற்கு, அன்று காலை மாத்திரை போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சற்று உயர்ந்தே காட்டும். இவை சேர்ந்துதான் டி4 நார்மல், டி.எஸ்.எச். மட்டும் உயர்வு என்ற அந்த முரண்பட்ட அறிக்கை வந்தது. இப்படி ஓர் அறிக்கையைப் பார்த்தால் அனுபவமுள்ள மருத்துவர்கள் முதலில் கேட்பது, “நடுவில் மாத்திரை விட்டுப்போனதா?” என்பதுதான். அதைக் கடிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. பதில் தெரியாவிட்டால் அந்த எண்ணைப் படிக்கவே முடியாது.

ஆக, 125 உங்களுக்குப் போதவில்லை என்பதற்கு இதுவரை எந்தச் சான்றும் இல்லை. அந்த அளவு முறையாக ஆறு வாரம் உடலுக்குள் போய்ச் சேர்ந்து, அதன் பிறகு பரிசோதிக்கப்படவே இல்லை.

150-இல் எனக்குள்ள தயக்கம்

தைராய்டு ஏறக்குறைய முழுவதுமாகச் செயலிழந்த ஒருவருக்கே நாளொன்றுக்குத் தேவைப்படுவது, எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். உங்கள் 62 கிலோவுக்கு அது 99, அதாவது ஒரு 100 மாத்திரை. 125-ஏ அதைத் தாண்டிவிட்டது. ஒருவருக்கு எடைக் கணக்கை மீறி மாத்திரை தேவைப்படும்போது, நோய் கடுமையாகிவிட்டது என்று எண்ணுவதற்கு முன், மாத்திரை வழியில் எங்கே காணாமல் போகிறது என்று தேடுவதே முறை.

இதில் ஓர் அபாயமும் இருக்கிறது. 150-ஐத் தொடங்கிவிட்டு, இந்தப் பதிலைப் படித்து நேரத்தையும் திருத்திக்கொண்டீர்கள் என்றால், இதுவரை வீணாகிக்கொண்டிருந்ததும் சேர்ந்து முழு அளவும் ரத்தத்தில் ஏறும். அப்போது படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை வரும். டி.எஸ்.எச். அளவு கடந்து தாழ்ந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இதயத் துடிப்பு தாளம் தப்புவதற்கும், முக்கியமாக மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்வதற்கும் வாய்ப்பு கூடுகிறது.

உங்கள் மருத்துவரிடம் நான் முன்வைக்கும் யோசனை இதுதான். நேரத்தைத் திருத்திக்கொண்டு, முன்பு உங்களுக்குப் பொருந்தியிருந்த 100-க்கே திரும்பி, 6 முதல் 8 வாரத்தில் பரிசோதிப்பது. 125-ஐயே தொடரலாம் என்று அவர் கருதினால் அதுவும் தவறில்லை. அப்போது ஆறாவது வாரப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, படபடப்பு வந்தால் அதற்கு முன்பே போக வேண்டும். எதுவானாலும் நேரத்தைத் திருத்துவதையும் அளவைக் கூட்டுவதையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டாம்.

இனி ஒரு நாள் எப்படி அமைய வேண்டும்

5 மணிக்கு எழுந்ததும் மாத்திரையை வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். காபியை 6 மணிக்குத் தள்ளுங்கள். ஒரு மணி நேரம் இயலாத நாளில் அரை மணி நேரமாவது விடுங்கள். 7 மணிக்கு டிபன் வழக்கம்போல. இரும்பு மாத்திரையைப் பள்ளிக்கு எடுத்துச்சென்று 11 மணி இடைவேளையில் போடுங்கள். அப்போது அதற்கு முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம், ஏனெனில் அவை இரும்பையும் தடுக்கும். கால்சியத்தை இரவு உணவோடு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் என்பதால், இப்படிப் பிரிப்பதில் உங்கள் ஹீமோகுளோபினுக்கும் லாபம் உண்டு.

காலை அவசரத்தில் இது சரிப்படாது என்றால், இன்னொரு வழி படுக்கும் நேரம். இரவு 7.30 மணிக்குச் சாப்பிட்டு முடிப்பவர் 10.30 மணிக்கு மாத்திரை போட்டுப் படுக்கலாம். உணவுக்கும் அதற்கும் 3 மணி நேரம் இருந்தால் போதும், பலனும் குறைவதில்லை. ஆனால் அப்போது கால்சியத்தை இரவு உணவோடு போடக் கூடாது, மதியத்துக்கு மாற்ற வேண்டும். 9.30 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் வீடுகளுக்கு இந்த வழி வேண்டாம்.

ஒரு நாள் மறந்துவிட்டால், அன்றே நினைவு வரும்போது போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், இதய நோய் இல்லாத உங்களைப் போன்றவர்கள் அன்று இரண்டாகப் போட்டாலும் பொதுவாகத் தொல்லையில்லை. உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் விட்டதைப் பத்தாகச் சேர்த்துப் போடுவது மட்டும் கூடாது. விரத நாளிலும் இதை நிறுத்த வேண்டாம். வாய் நனைக்கும் தண்ணீர் அளவே இதற்குத் தேவை. ஊருக்குப் போகும்போது முழுக் குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். ஈரமும் வெப்பமும் இந்த மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும் என்பதால், அடுப்பு மேடைக்கு அருகிலோ குளியலறை அலமாரியிலோ வைக்காதீர்கள். அது வந்த குப்பியிலேயே இருக்கட்டும்.

கொத்தமல்லி விதைத் தண்ணீர் பற்றி: அதைக் குடிப்பதால் கெடுதல் இல்லை, மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஆனால் அதில் டி4 இல்லை. உங்கள் சுரப்பி போதிய அளவு செய்ய முடியாத ஹார்மோனுக்கு ஈடாகவே மாத்திரை தருகிறோம். அது உடல் தானே சுரக்கும் டி4-தான், அதே அணு அமைப்பு கொண்டது. அதனால் பழக்கமாகிவிடும் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஹஷிமோட்டோவில் பெரும்பாலானோருக்கு இது வாழ்நாள் முழுவதும் வேண்டியிருக்கும்.

அடுத்த பரிசோதனை

ஆறு வாரம் ஒரு நாளும் தவறாமல் போட்ட பிறகே போங்கள். டி4 ஒரு நிலைக்கு வந்து நிற்க அவ்வளவு காலம் ஆகும். அதற்கு முன் எடுக்கும் டி.எஸ்.எச். பாதி வழியில் நிறுத்திக் கேட்ட கதை. வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்து பிற்பகலில் தாழும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். அன்று மட்டும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். உங்களுக்கு டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டும் போதும். “முழு தைராய்டு” என்ற பெயரில் டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனையும் சேர்த்துத் தருவார்கள்; தைராய்டு குறைபாட்டில் டி3 கடைசி வரை இயல்பாகவே காட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அதனால் முடிவு எதுவும் மாறப்போவதில்லை.

முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை ஏதாவது போட்டால் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்துங்கள். பல ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும்.

எண் 0.4-க்கும் 4-க்கும் இடையில் வந்தால் போதும். 1-க்குக் கீழே இறக்கினால் உடல் இளைக்கும் என்று சிலர் அளவைக் கூட்டிக் கேட்கிறார்கள். தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் கணிசமான பங்கு உடலில் தங்கிய உப்பும் நீரும்.

அப்படியும் இறங்காவிட்டால்

முறையாகப் போட்டும், இடைவெளி விட்டும், டி.எஸ்.எச். 10-ஐ ஒட்டியே நின்றால் அப்போது குடலைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. ஹஷிமோட்டோ உள்ளவர்களில் சிலருக்கு அதே எதிர்ப்புச் சக்தி இரைப்பையின் உள்சுவரையும் தாக்கி அமிலச் சுரப்பைக் குறைத்துவிடும். அமிலம் குறைந்தால் லெவோதைராக்ஸின் சரியாகக் கரையாது, இரும்பும் உறிஞ்சப்படாது, பின்னாளில் பி12-உம் குறையும். ரத்தசோகையும் இறங்காத டி.எஸ்.எச்.-உம் ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு கிளைகளாக இருக்கலாம் என்பதால், பி12 அளவையும் இரைப்பையையும் பார்க்கச் சொல்வேன். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் இதே தோற்றத்தில் வரும். அதோடு, ‘கேஸ் மாத்திரை’ என்று நம் ஊரில் மாதக்கணக்கில் விழுங்கும் பேண்டோப்ரசோல் வகை மாத்திரைகளும் அமிலத்தைக் குறைத்து இதே விளைவைத் தரும். நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை; போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாதவிடாய்ப் போக்கு அதிகமானதையும் இதோடு விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைவே அதற்குக் காரணமாகலாம். ஆனால் உங்களுக்கு அது தொடங்கியபோது டி.எஸ்.எச். கட்டுப்பாட்டில் இருந்ததாகத் தெரிவதால், மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கர்ப்பப்பையை ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்வது நல்லது.

தங்கைக்கு

உங்கள் மாத்திரையில் பாதியைக் கொடுக்க வேண்டாம். 125-இல் பாதி என்பது 62.5, அவர் நிலையில் ஒருவருக்குத் தொடங்கும் அளவைவிட அது அதிகமாக இருக்கக்கூடும். அதைவிட முக்கியம், அவருக்கு மாத்திரை வேண்டுமா என்பதே இன்னும் தெரியவில்லை. 6.2 என்ற ஒற்றை எண், ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ, விடியற்காலையில் ரத்தம் எடுத்ததாலோகூட வரலாம். குழந்தைக்கு முயலாத ஒருவர் என்றால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். 10-க்குக் கீழே இருப்பவர்களில் பலருக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை.

தங்கையின் நிலை அப்படியன்று. கருவுற்ற முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் டி4-தான் ஆதாரம், குழந்தையின் தைராய்டு பிறகே வேலையைத் தொடங்குகிறது. அதனால் அவர் காத்திருக்காமல் சில வாரங்களிலேயே டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஆன்டி டிபிஓ மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கட்டும். டி.எஸ்.எச். மறுபடியும் 4-க்கு மேல் இருந்து ஆன்டி டிபிஓ-உம் பாசிட்டிவ் என்றால், கருத்தரிக்க முயலும்போதே சிறிய அளவில் மாத்திரை தொடங்குவதைப் பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புவார்கள். அப்படித் தொடங்கியபின் கருவுற்றால், நாள் தள்ளிப்போய்ப் பரிசோதனையில் உறுதியானதுமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் தேவை கால்வாசிக்கு மேல் கூடும் என்பதால், வாரத்துக்கு 7 மாத்திரை போட்டவரை 9 போடச் சொல்வது வழக்கம். பிறகு பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்பார்கள். அப்போது அவருக்கும் இரும்பும் கால்சியமும் எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் 5 மணி, 11 மணி அட்டவணையை அவருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.